முடிவை முதல் வரியில் வைப்பதா, கொஞ்சம் பொறுத்தா? கந்தோர் மெயில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு கோட்டையில் ஒரு கிளியரிங் கம்பனியில் 19 வருடமாக வேலை செய்கிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் வாடிக்கையாளருக்கு எழுதும் மெயில்களைப் போகுமுன் பார்த்துக் கொடுப்பது எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவையும் நான் சொல்பவையும்தான் இவை. எங்கள் உதாரணங்களில் கொள்கலனும் டொலரும் கொஞ்சம் கூடுதலாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"முடிவை முதலில் எழுது என்கிறீர்கள் அண்ணை. எதை முடிவு என்கிறீர்கள்?"

வாசிப்பவர் அந்த ஒரு வரியோடு மெயிலை மூடிவிட்டாலும் தன் பங்கு வேலையைச் செய்துவிட முடியுமென்றால், அந்த வரிதான் முடிவு. "உங்கள் கொள்கலன் தொடர்பாக" என்பது விடயம் மட்டும்தான். "கொள்கலனை எடுக்க நாளை 3 மணிக்கு முன் உங்கள் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும்" என்பது முடிவு.

அதைக் கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். மெயிலை முதலில் வாய்க்கு வந்தபடி எழுதிவிடுங்கள். பிறகு கடைசிப் பந்தியில் "ஆகவே", "எனவே", "ஆதலால் தயவுசெய்து" என்று எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். பத்தில் எட்டு மெயிலில் முடிவு அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்த வாக்கியத்தை வெட்டி, "ஆகவே"யை எடுத்துவிட்டு, மேலே ஒட்டுங்கள். மிச்சமிருப்பதில் பாதி தேவையே இல்லை என்று அப்போதுதான் தெரியும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. முக்கியமான சேதியை முதலில் போட்டுவிட்டு விவரத்தைப் பின்னால் தள்ளுவது பத்திரிகைக்காரர்களின் பழைய வழக்கம். அமெரிக்க இராணுவத்தின் கடித விதிகளிலும் சாரத்தை முன்னால் வை என்றுதான் இருக்கிறது. அதற்கு அவர்கள் "பிளஃப்" என்று ஒரு சுருக்கப்பெயரும் வைத்திருக்கிறார்கள்.

"ஒரு முழு மெயிலை வைத்துக் காட்ட முடியுமா?"

எங்கள் கந்தோரில் நடந்ததையே சொல்கிறேன். வத்தளைப் பக்கம் காகிதக் கப் செய்யும் ஒருவருக்குச் சீனாவிலிருந்து 40 அடிக் கொள்கலனில் மெஷின் வந்தது. எங்கள் தம்பி ஒருவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் 4.10க்கு அவருக்கு அனுப்பிய மெயில் இது:

> விடயம்: தங்கள் கொள்கலன் தொடர்பாக
>
> அன்புள்ள ஐயா, வணக்கம். தங்கள் நலமறிய ஆவல். தங்களுடைய கொள்கலன் கடந்த 3ஆம் திகதி செவ்வாய்க்கிழமை கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்பட்டது. 5ஆம் திகதி சுங்கப் பிரகடனத்தைச் சமர்ப்பித்தோம். 6ஆம் திகதி அதனைப் பரிசீலித்த அதிகாரி, மெஷினின் வகைப்படுத்தல் குறித்துச் சில சந்தேகங்களை எழுப்பினார். இன்வொய்சையும் பக்கிங் லிஸ்டையும் காட்டி நாங்கள் விளக்கமளித்தோம். எனினும் உற்பத்தியாளரின் கட்டலொக் அவசியம் என அவர் கூறியுள்ளார். இலவச நாட்கள் 9ஆம் திகதியுடன் முடிவடைகின்றன. அதன் பின்னர் நாளொன்றுக்கு 40 டொலர் தாமதக் கட்டணம் அறவிடப்படும். ஆகவே இயலுமானவரை விரைவில் கட்டலொக்கை அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

இதில் ஒரு தகவலும் பிழை இல்லை. தமிழும் நல்ல தமிழ். ஆனால் அந்த மனிதரின் போனில் தெரிந்தது "தங்கள் கொள்கலன் தொடர்பாக – அன்புள்ள ஐயா, வணக்கம். தங்கள் நலமறிய…" என்பது மட்டும்தான். சாமான் வந்துவிட்டது என்ற வழக்கமான அறிவித்தல் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார். புதன்கிழமை 11ஆம் திகதி "தம்பி, மெஷின் எப்ப வரும்?" என்று கேட்க அவரே போன் எடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த நாள் கட்டலொக் கிடைத்தது, 13ஆம் திகதி கொள்கலன் வெளியே போனது. கப்பல் கம்பனி அந்தக் கொள்கலனுக்குத் தந்த இலவச நாட்கள் 7. அதற்கு மேல் 10, 11, 12, 13 என்று 4 நாள், 160 டொலர். துறைமுக வாடகை வேறு கணக்கு. "மெயிலில் எழுதியிருந்தோமே ஐயா" என்றோம். "எங்கே எழுதியிருந்தீர்கள்?" என்றார். கடைசியில் பாதியை நாங்கள் கட்டினோம்.

அதே மெயிலை நானும் தம்பியும் உட்கார்ந்து இப்படித் திருத்தினோம்:

> விடயம்: மெஷின் கட்டலொக் திங்கள் (9ஆம் திகதி) காலை 10க்குள் தேவை
>
> ஐயா, வணக்கம். மெஷினைச் செய்த கம்பனியின் கட்டலொக்கைத் திங்கள் காலை 10 மணிக்கு முன் அனுப்புங்கள். ஸ்கான் செய்த பிரதி போதும். அது பிந்தினால் 10ஆம் திகதியிலிருந்து நாளுக்கு 40 டொலர் தாமதக் கட்டணம் ஏறும்.
>
> மெஷின் எந்த வகையில் வரும் என்பதில் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம். இன்வொய்ஸ் காட்டினோம், போதவில்லை.
>
> கட்டலொக் உங்களிடம் இல்லையென்றால் இன்றே சொல்லுங்கள். விற்றவருக்கு நாங்களே எழுதி எடுக்கிறோம்.

கடைசி வாக்கியம் மேலே போனது கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். அதைவிடப் பெரிய மாற்றம், "இயலுமானவரை விரைவில்" போய் ஒரு நாளும் ஒரு மணியும் வந்ததுதான். முடிவு கடைசியில் இருக்கும்போது அது மங்கலாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. முதல் வரிக்கு வந்ததும், "எப்போதைக்குள்?" என்று அந்த வரியே எழுதுகிறவரைக் கேட்கும். 3ஆம் திகதி, 5ஆம் திகதிக் கதையெல்லாம் நாங்கள் வேலை செய்தோம் என்று காட்டுவதற்கு வந்தவை. வாடிக்கையாளருக்கு அதனால் பயன் இல்லை, எடுத்துவிட்டோம். புதிதாக ஒரு வரி சேர்ந்தது: அவரிடம் கட்டலொக் இல்லாவிட்டால் என்ன செய்வது. கேட்டதைச் செய்ய முடியாதவர் பெரும்பாலும் பதிலே போட மாட்டார், அதற்குத்தான் அந்த வரி.

"தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது? முடிவை முதலில் சொல்வது நம் மொழிக்கே ஒத்துவராத காரியம் இல்லையா?"

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் எங்கள் கணக்குப் பிரிவு அக்கா. பாதி உண்மை. தமிழ் வாக்கியத்தில் ஆமா இல்லையா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். "தாங்கள் கடந்த மாதம் அனுப்பிய கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்து, தற்போதைய நிலைமைகளையும் கருத்திற்கொண்டு, அதனை ஏற்றுக்கொள்ள" என்பது வரைக்கும் வாசித்தவருக்கு ஒன்றும் தெரியாது. "முடியாதுள்ளது" என்று வரும்போதுதான் நெஞ்சில் இடி. அதற்கும் பின்னால் "என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகின்றோம்" என்று ஒரு வால் வேறு.

ஆகவே தமிழில் முதல் வரியில் முடிவை எழுதினால் மட்டும் போதாது, அந்த முதல் வாக்கியம் குட்டையாகவும் இருக்க வேண்டும். ஐந்தாறு சொல்லில் வினை வந்துவிட வேண்டும். "கோரிக்கையை இம்முறை ஏற்க முடியவில்லை. காரணம் இரண்டு." செய்து, பார்த்து, கருத்திற்கொண்டு என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டு போகும் வாக்கியத்தை மெயிலின் உச்சியில் வைத்தாலும் முடிவு பின்னால்தான் நிற்கும்.

"வணக்கம், நலம் எல்லாவற்றையும் வெட்டினால் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவாக இருக்காதா?"

வணக்கத்தை யார் வெட்டச் சொன்னது? "ஐயா, வணக்கம்" இருக்கட்டும். நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு நகர்த்துங்கள். அங்கே அது இன்னும் உண்மையாகவும் கேட்கும். "அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததா?" என்று கடைசியில் ஒரு வரி கேட்பது, தலைப்பில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதும் "நலமறிய ஆவல்" என்பதைவிட எவ்வளவோ மேல். மரியாதை விளிப்பிலும் "அனுப்புங்கள்", "முடியுமா ஐயா" என்ற வினை முடிவிலும் இருக்கிறது. நீளத்தில் இல்லை.

"அப்படியென்றால் எல்லா மெயிலுக்கும் இதே முறைதானா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2022 மே மாதம் வரைக்கும். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் மே மாதத்தில் 360க்குப் போனது யாருக்கும் மறந்திருக்காது. கப்பல் கம்பனிகள் எங்களிடம் அன்றைய விலைக்கு அன்றே காசு கேட்டன. நாங்களோ வாடிக்கையாளருக்கு 30 நாள் தவணை கொடுத்துக்கொண்டிருந்தோம். தவணையை 7 நாளாகக் குறைப்பது என்று கந்தோரில் முடிவானது. எல்லாருக்கும் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

புறக்கோட்டை கெய்சர் வீதியில் எங்களுக்கு ஒரு துணிக்கடை வாடிக்கையாளர். தகப்பன் காலத்திலிருந்து 14 வருடமாக எங்களோடுதான் சாமான் எடுக்கிறார்கள், ஒரு தவணை பிந்தியது கிடையாது. அவருக்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படியே எழுதினேன்: "ஐயா, வணக்கம். ஜூன் 1 முதல் உங்கள் கடன் தவணை 30 நாளிலிருந்து 7 நாளாகக் குறைக்கப்படுகிறது." காரணம் மூன்றாம் பந்தியில் இருந்தது, இது எல்லா வாடிக்கையாளருக்கும் என்பதும் அங்கேதான் இருந்தது.

அவர் எனக்குப் பதில் போடவில்லை. மெயிலை எங்கள் முதலாளிக்கு அனுப்பி மேலே ஒரு வரி எழுதியிருந்தார்: "தம்பிக்கு எங்களை யாரென்று தெரியாதா?"

முதல் வரியோடு அவர் நின்றுவிட்டார். காகிதக் கப்காரர் முதல் வரியோடு நின்றிருந்தால் கட்டலொக்கைத் தேடப் போயிருப்பார். இவர் முதல் வரியோடு நின்றபோது, தன்னை நம்பவில்லை என்று ஒரு அர்த்தத்தைத் தானே எழுதி நிரப்பிக்கொண்டார். அன்றிலிருந்து எழுதத் தொடங்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இதை வாசிப்பவர் ஏதாவது செய்ய வேண்டுமா, அல்லது ஏதாவது ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டுமா? செய்ய வேண்டுமென்றால் முடிவு முதலில், யோசனையே வேண்டாம். ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால், காரணம் இல்லாமல் அந்த முடிவு மட்டும் தனியாக நின்றால் என்ன அர்த்தம் வரும் என்று பார்க்கிறேன். "இந்த மாதம் 12ஆம் திகதி கந்தோர் பூட்டு" என்பதை யாரும் வேறு மாதிரி எடுக்க மாட்டார்கள். "உங்கள் தவணை குறைக்கப்படுகிறது" என்பதை எடுப்பார்கள். அவருடைய கையிலிருந்து ஒன்றை எடுக்கிறீர்கள், அவர் அதை எதிர்பார்க்கவில்லை, காரணம் தெரியாவிட்டால் அது அவருடைய மானத்தில் படும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காரணத்தை முன்னே விடுவதுதான் புத்தி.

"அந்தத் துணிக்கடைக்காரருக்கு எப்படி எழுதியிருக்க வேண்டும்?"

மெயிலே எழுதியிருக்கக் கூடாது, கடைக்குப் போயிருக்க வேண்டும். கோட்டையிலிருந்து கெய்சர் வீதிக்கு நடந்தே போகலாம். சரி, மெயில்தான் என்றால் இப்படி:

> விடயம்: கடன் தவணை – ஜூன் 1 முதல் மாற்றம்
>
> ஐயா, வணக்கம். மார்ச் மாதத்திலிருந்து கப்பல் கம்பனிகள் எங்களிடம் அன்றைய டொலர் விலைக்கு அன்றே காசு கேட்கின்றன. நீங்கள் 30 நாளில் தரும் காசை நாங்கள் முதல் நாளே கட்டிவிடுகிறோம், இடையில் டொலர் ஏறினால் அந்த வித்தியாசமும் எங்கள் தலையில்தான். இனியும் இப்படித் தாங்க முடியாத நிலை. அதனால் ஜூன் 1 முதல் எல்லா வாடிக்கையாளருக்கும் தவணையை 7 நாளாக்குகிறோம், உங்களுக்கும் அப்படியே.
>
> இப்போது இறங்கியிருக்கும் உங்கள் 2 கொள்கலன்களுக்கும் பழைய 30 நாள்தான். நாளை காலை 10 மணி போல நான் கடைக்கு வருகிறேன், நேரில் கதைப்போம்.

முடிவு நான்காவது வாக்கியத்தில் வந்துவிட்டது. அது முக்கியம். மெதுவாகச் சொல்வது என்றால் மூன்று வாக்கியம் பொறுப்பது, மூன்று பந்தி பொறுப்பது இல்லை. போனில் விரலால் தள்ளாமலே முடிவு தெரிய வேண்டும். விடயத்தில் "மாற்றம்" என்று இருக்கிறது. "முக்கிய அறிவித்தல்" என்று போட்டு மூடி மறைக்கவும் இல்லை, "தவணை குறைப்பு" என்று வாசலிலேயே அடிக்கவும் இல்லை. முன்னால் வந்த மூன்று வாக்கியமும் அவரே சரிபார்க்கக்கூடிய காரணங்கள். அவரும் வியாபாரி, டொலர் விலை அவருக்கும் தெரியும். நான்காவது வாக்கியத்துக்கு வரும்போது, "இவங்கள் தவணையைக் குறைக்கத்தான் போறாங்கள்" என்று அவர் மனதே சொல்லியிருக்கும். காரணத்தை முன்னால் விடுவதன் வேலையே அதுதான். "எல்லா வாடிக்கையாளருக்கும்" என்ற சொல் முடிவு வரும் அதே வாக்கியத்தில், முடிவுக்கு முன்னால் இருக்கிறது. என் பழைய மெயிலில் அது மூன்றாம் பந்தியில் இருந்ததால்தான் அவ்வளவு வினையும்.

நடந்தது என்னவென்றால், முதலாளியும் நானும் அடுத்த நாள் அந்தக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். 10 நாளுக்கு ஒத்துக்கொண்டார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "தம்பி, மெயில் எழுதுறதில்லையா?" என்று பகிடி பண்ணுவார்.

"14 வருட உறவுக்கு நன்றி என்று தொடங்கி, பிறகு 'ஆனால்' போடலாமே? அதுதானே நாகரிகம்?"

அப்படித்தான் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். கெட்ட செய்திக்கு முன்னால் ஒரு மெத்தையைப் போடு என்று வணிகக் கடிதப் பாடங்களில் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கிட்டி லொக்கர் என்ற அமெரிக்கப் பேராசிரியை இந்த மெத்தையை மறுப்புக் கடிதங்களில் வைத்துச் சோதித்து 1999இல் எழுதினார். மெத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசித்தவர்கள் கடிதத்தை எடுத்துக்கொண்ட விதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்பதுதான் அவர் கண்டது.

ஆய்வு இல்லாமலே நமக்குத் தெரியும்தானே. வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று மெயில் தொடங்கினால் மிச்சத்தை வாசிக்கவே தேவையில்லை. துணிக்கடைக்காரரிடம் "14 வருட நம்பிக்கையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்" என்று தொடங்கியிருந்தால் அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போயிருப்பார். நன்றி காரணம் ஆகாது. அது முடிவைத் தள்ளிப்போடும், ஆனால் முடிவை விளக்காது. முடிவுக்கு முன்னால் வரும் ஒவ்வொரு வாக்கியமும் முடிவுக்கு ஒரு படி கிட்டக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாத வாக்கியம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

"மனேஜரின் முடிவு பிழை என்று நினைக்கிறேன். அதை முதல் வரியிலா எழுதுவது?"

எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்று பின்னேரம் 6 மணிக்குக் கப்பலின் கட்-ஓஃப், புக்கிங்கில் இறங்குதுறை பிழையாகப் போயிருக்கிறது, அதற்கு அவர் காலையில் சரி சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சேர், புக்கிங்கில் ஹம்பேர்க் என்று இருக்கிறது, ரொட்டர்டாம் என்று மாற்ற வேண்டும். 6 மணிக்கு முன் உங்கள் ஓகே தேவை." இதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை. எழுதிவிட்டுப் போனும் எடுங்கள்.

அவசரமில்லாத முடிவு என்றால் வேறு. எல்லாக் கொள்கலனையும் இனிமேல் ஒரே லொறிக்காரரிடம் கொடுப்பது என்று அவர் கூட்டத்தில் சொல்லிவிட்டார், உங்களுக்கு அது பிழை என்று படுகிறது. "இந்த முடிவை மாற்ற வேண்டும்" என்று தொடங்கினால் அவர் தன் முடிவைக் காப்பாற்றும் வேலையில் இறங்கிவிடுவார், உங்கள் காரணத்தை எதிர்க்கட்சி வாதம் போலத்தான் வாசிப்பார். அவர் கையில் இல்லாத தகவலிலிருந்து தொடங்குங்கள். "சேர், போன மாதம் அந்த லொறிக்காரர் 22 நடை ஓடினார். அதில் 5 நடை சொன்ன நேரத்துக்கு வரவில்லை, 2 தடவை நாங்கள் வேறு லொறி பிடித்தோம். இரண்டாவது ஒருவரையும் கையில் வைத்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" மூன்றே வாக்கியம். முடிவை அவரே எடுத்த மாதிரி இருக்கும், அதனால் உங்களுக்கு ஒன்றும் குறையாது.

சிசியில் யாரையும் போடாதீர்கள். இன்னொருவர் பார்க்கிறார் என்றால் எந்த மனேஜரும் மனம் மாறமாட்டார்.

"மரணச் செய்தியை எப்படி எழுதுவது?"

நெருங்கியவருக்கு மெயிலில் எழுதக்கூடாது. போன் எடுங்கள் அல்லது நேரில் போங்கள். புற்றுநோய் வைத்தியர்கள் நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்வதற்கு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆறு படி முறை ஒன்று இருக்கிறது. செய்திக்குச் சற்று முன்னால், நல்ல செய்தி இல்லை என்று ஒரு வாக்கியம் சொல்லி ஆளைத் தயார்ப்படுத்து என்பது அதில் ஒரு பகுதி. போனிலும் அதுவே போதும். "அக்கா, ஒரு கவலையான விஷயம் சொல்ல எடுத்தனான், இருங்கோ" என்று சொல்லி ஒரு மூச்சு விட்டுவிட்டுச் செய்தியைச் சொல்லுங்கள்.

கந்தோர் முழுவதற்கும் அறிவிக்கும் மெயில் வேறு. விடயத்தில் "துயரச் செய்தி" என்று இருந்தாலே அந்தத் தயார்ப்படுத்தல் முடிந்துவிட்டது. முதல் வரி நேராக வரலாம்: யார், எப்போது காலமானார். அடுத்த வரி, பொரளை கனத்தையில் எத்தனை மணிக்கு என்பது. வாசித்தவர்கள் உடனே தேடப்போவது அந்த நேரத்தைத்தான். அவருடைய சேவையைப் பற்றிய பந்தி அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம்.

"பத்துப் பேருக்கு ஒரே மெயில் போகிறது. யாருடைய முடிவை முதலில் எழுதுவது?"

வேலை இருப்பவருடையதை, பெயர் போட்டு. "நிமல் அண்ணை: சுங்கப் பத்திரம் செவ்வாய். மற்றவர்களுக்குத் தகவலுக்கு மட்டும்." வேலை இல்லாதவர்கள் அந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள், நன்றியோடு. ஒருவருக்குக் கசப்பான முடிவை மட்டும் ஒருபோதும் பத்துப் பேர் மெயிலில் போடாதீர்கள், எவ்வளவு மெதுவாக எழுதினாலும்.

"நான் பக்குவமாகத்தான் எழுதுகிறேனா, அல்லது பயத்தில் முடிவை ஒளிக்கிறேனா? எப்படிக் கண்டுபிடிப்பது?"

அனுப்புமுன் என்றால், நாலாவது வாக்கியத்துக்குக் கீழே கையால் மறையுங்கள். முடிவு மேலே இருக்கிறதா? இல்லையென்றால் ஒளிக்கிறீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அடையாளம் தெரியும். "சற்று", "ஓரளவு", "சில நடைமுறைச் சிக்கல்கள்" என்ற சொற்கள் ஒரே பந்தியில் கூடத் தொடங்கினால் கை தயங்குகிறது என்று அர்த்தம்.

அனுப்பிய பிறகு வரும் பதில்கள் இன்னும் தெளிவாகச் சொல்லும். மெயிலில் ஏற்கனவே எழுதியிருப்பதையே ஒருவர் திருப்பிக் கேட்டால், அல்லது "அப்ப நான் என்ன செய்யவேணும்?" என்று எழுதினால், முடிவு பிந்தியிருக்கிறது. முதல் வரிக்கு மட்டும் சூடாகப் பதில் வந்து, நீங்கள் எழுதிய காரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையென்றால், முடிவு முந்தியிருக்கிறது. பதில் உங்களுக்கு வராமல் உங்கள் முதலாளிக்குப் போனாலும் அப்படித்தான். கட்டலொக் மெயில் எழுதிய தம்பியிடம் அவருடைய அனுப்பிய பெட்டியில் கடைசி முப்பது மெயிலுக்கு வந்த பதில்களை இப்படிப் பார்க்கச் சொன்னேன். பதினொன்றில் "அப்ப என்ன செய்யவேணும்?" இருந்தது. சூடான பதில் ஒன்றே ஒன்று. அது போனஸ் பிந்தும் என்று அவர் தன் பிரிவில் இருந்த நாலு பேருக்கும் ஒரே வரியில் எழுதிய மெயில்.